‘ஒரு நல்ல கிஃப்ட் சொல்லுங்க’: விவரமே இல்லாமல் கேட்பவருக்கு எப்படிப் பதில் சொல்வது

“ஒரு நல்ல கிஃப்ட் சொல்லுங்களேன்.” இவ்வளவுதான் கேள்வி. யாருக்கு, என்ன வயது, எதில் ஈடுபாடு, எவ்வளவு செலவு செய்யலாம் என்று எதுவும் அதில் இல்லை. பரிசுப்பொருள் கடையின் கவுண்டரிலோ, ஆர்டர் எடுக்கும் போனிலோ புதிதாக உட்கார்ந்தவருக்கு முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். அதை எப்படி எடுத்துச் செல்வது என்பதை மட்டும் இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

புதியவர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் கேட்ட மாத்திரத்தில் கப், போட்டோ பிரேம், சென்ட் பாட்டில் என்று கைக்கு எட்டியதைக் காட்டத் தொடங்குவார்கள். வந்தவர் ஒவ்வொன்றையும் பார்த்து “வேற?” என்பார். பத்தாவது பொருளில் இருவருமே களைத்துப்போவார்கள். வேறு சிலர் உறவு, வயது, பொழுதுபோக்கு, பட்ஜெட் என்று விண்ணப்பப் படிவம் நிரப்புவதுபோல் ஒரே மூச்சில் கேட்பார்கள். வந்தவர் “சும்மா பார்க்கலாம்னு வந்தேன்” என்று நகர்ந்துவிடுவார். போனில் என்றால் “அப்புறம் கூப்பிடறேன்” என்பார்.

கேட்பவர் விவரத்தை மறைக்கவில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பரிசைப் பெறப்போகிறவரின் முகம் அவர் மனதில் தெளிவாக நிற்கிறது. அது உங்களுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. சில சமயம் அவருக்கே அந்த விவரங்கள் தெரியாமல் இருக்கும். இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை. எந்தப் பதில் வந்தால் நீங்கள் காட்டப்போகும் பொருள் மாறுமோ அந்தக் கேள்வியை மட்டும் கேளுங்கள். பதில் எதுவானாலும் அதே பொருளைத்தான் காட்டுவீர்கள் என்றால் அந்தக் கேள்வியை விட்டுவிடலாம்.

முதல் படி: யாருக்கு, என்ன விசேஷம்

“யாருக்குங்க, என்ன விசேஷம்?” இதை ஒரே கேள்வியாகக் கேளுங்கள். உறவைப் பற்றிக் கேட்டால் மற்ற விவரங்களில் பாதி தானாகவே கூட வந்துவிடும். “அண்ணன் பொண்ணுக்கு, மூணாவது பிறந்தநாள்” என்று பதில் வந்தால் உறவும் வயதும் சந்தர்ப்பமும் கிடைத்துவிட்டன. பட்ஜெட்டை முதலில் கேட்டால் ஒரு எண் மட்டும்தான் வரும். அதை வைத்துக்கொண்டு அலமாரியில் எந்தப் பக்கம் திரும்புவது என்றுகூடத் தெரியாது.

உறவு முறையின் பெயரைவிட முக்கியம், அந்த இருவருக்கும் உள்ள நெருக்கம். பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பரிசாக வந்த பொருளுக்குத் தாங்களே வாங்குவதாக இருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்று மாணவர்களிடம் கேட்டு, அதைப் பொருளின் விலையோடு ஒப்பிட்டார். விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மதிப்பு வீணாகிறது என்று கணக்கு வந்தது. நண்பர்களும் துணைவர்களும் கொடுத்தவற்றில் இழப்பு குறைவாக இருந்தது. மாமா, அத்தை, தாத்தா, பாட்டி போன்ற தூரத்து உறவுகளும் வயது வித்தியாசம் அதிகம் உள்ளவர்களும் கொடுத்தவற்றில் இழப்பு கூடியது. ஆகவே “மாமா” என்ற பதிலோடு நிறுத்திவிடக் கூடாது. அந்த மாமா வாரம் ஒருமுறை பார்க்கிறவரா, விசேஷத்துக்கு மட்டும் சந்திக்கிறவரா என்று தெரிய வேண்டும்.

அதை நேராகக் கேட்டால் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். “அவங்க வீட்டுக்குள்ள போய்ப் பார்த்திருக்கீங்களா?” என்று கேளுங்கள். “இல்லை” என்றால் சுவரில் மாட்டுவது, ஹாலில் வைப்பது, சமையலறைச் சாமான், திரைச்சீலை, படுக்கை விரிப்பு ஆகிய அத்தனையும் அப்போதே கழிந்துவிடும். இடம் எவ்வளவு, என்ன நிறம், ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வீட்டுப் பொருள் கொடுத்தால் அது பெட்டியோடு பரணுக்குப் போகும். “போயிருக்கேன்” என்றால் அவரிடம் இன்னும் நிறைய விவரம் இருக்கிறது, மெதுவாகக் கேட்டு வாங்கலாம் என்று அர்த்தம்.

இரண்டாம் படி: வயது

பெரியவர்கள் விஷயத்தில் வயதைப் பெரும்பாலும் தனியாகக் கேட்கத் தேவையில்லை. முப்பதா நாற்பதா என்பதால் நீங்கள் காட்டப்போகும் பொருள் மாறாது. புது வீடு போகிறாரா, படிப்பு முடிக்கிறாரா, ஓய்வு பெறுகிறாரா என்பதால்தான் மாறும். அதை விசேஷமே சொல்லிவிடும்.

குழந்தை என்றால் கதையே வேறு. “சின்னக் குழந்தை” என்ற பதிலை ஒருபோதும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். இரண்டரை வயதுக்கும் மூன்றரை வயதுக்கும் நடுவில் ஒரு பாதுகாப்புக் கோடு இருக்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளில் வாயில் போட்டு விழுங்கக்கூடிய சிறு பாகம் இருக்கக் கூடாது. அதைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு உருளையைப் பயன்படுத்துகிறார்கள். பொம்மையோ அதிலிருந்து கழன்று வரும் பாகமோ அந்த உருளைக்குள் முழுதாக அடங்கிவிட்டால் அது இந்த வயதுக்கு ஆகாது. அந்த உருளை கையில் இல்லாதவர்கள் டாய்லெட் பேப்பர் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாயை வைத்துப் பார்க்கலாம். அது சோதனை உருளையைவிடச் சற்று அகலம் என்பதால், அதற்குள் புகாத பொருள் அந்த உருளைக்குள்ளும் புகாது. தட்டையான பொத்தான் பேட்டரி இருந்தால் அதன் மூடி திருகாணி போட்டு இறுக்கியிருக்க வேண்டும். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அதைப் புண்ணாக்கிவிடும்.

இங்கே புதியவர்கள் தவறாமல் விட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: “அந்த வீட்டுல இதைவிடச் சின்னக் குழந்தை இருக்கா?” ஐந்து வயது அண்ணனுக்கு வாங்கிய குட்டிக் காந்தக் கட்டைகள் ஒன்றரை வயதுத் தம்பியின் வாய்க்குத்தான் முதலில் போகும். அதனால் வயதை எப்போதும் வீட்டில் உள்ள ஆகச் சிறியவரிலிருந்து எண்ணுங்கள்.

மூன்றாம் படி: ஈடுபாடு

“அவருக்கு ஹாபி என்ன?” என்று கேட்டால் பாட்டு, புத்தகம், சினிமா என்றுதான் பதில் வரும். அது யாருக்கும் பொருந்தும் என்பதால் உங்களுக்கு உதவாது. கேள்வியைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். “லீவு நாள்ல காலையில எழுந்ததும் என்ன செய்வார்?”, “சமீபத்துல எதையாவது ரிப்பேர் ஆயிடுச்சு, தீர்ந்துபோச்சு, சரியில்லைன்னு சொன்னாரா?” இந்த இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. குறை சொன்ன பொருள் என்றால், அது தேவை, அவரே இன்னும் வாங்கவில்லை என்ற இரண்டுமே உறுதியாகிவிடுகின்றன.

கூடவே, “இது வேணும்னு அவரே எப்பவாவது சொன்னாரா?” என்றும் கேளுங்கள். கேட்டதையே கொடுத்தால் சுவாரசியம் இருக்காது என்று வாங்குபவர்கள் தயங்குவார்கள். பிரான்செஸ்கா ஜீனோவும் பிரான்சிஸ் ஃப்ளினும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பெறுபவர்கள் தாங்கள் கேட்ட பொருளையே அதிகம் பாராட்டினார்கள். கொடுப்பவர்கள்தான் அதைக் குறைவாக மதிப்பிட்டார்கள். வாங்குபவர் தயங்கினால் இதை எடுத்துச் சொல்லலாம்.

ஈடுபாடு உறுதியாகத் தெரிந்த பிறகும் ஒரு குழி இருக்கிறது. ஒரு துறையில் ஆழமாக இறங்கியவர் அதன் முக்கியக் கருவியைத் தானே பார்த்துப் பார்த்து வாங்கியிருப்பார். அதில் வெளியாள் கை வைத்தால் பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். கிட்டார் வாசிப்பவருக்கு ஒரு செட் கம்பி வாங்கலாம் என்று தோன்றும். ஆனால் கிளாசிக்கல் கிட்டார் நைலான் கம்பிக்காகச் செய்யப்பட்டது. அதில் உருக்குக் கம்பி மாட்டினால் இழுவிசை தாங்காமல் கழுத்து வளையும், பாலம் பெயர்ந்துகொள்ளும். எந்த வகைக் கிட்டார் என்று தெரியாதபோது கம்பி பக்கமே போகாதீர்கள். கிட்டாரை நிறுத்திவைக்கும் ஸ்டாண்டு, நோட்டேஷன் எழுதும் புத்தகம் போன்ற பக்கத்துப் பொருள்களைக் காட்டுங்கள். ஓவியம், கேமரா, சைக்கிள் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்: மாடல் தெரிந்தால் அதோடு சேரும் உதிரி, தெரியாவிட்டால் எந்த மாடலோடும் ஒத்துப்போகும் துணைப்பொருள்.

நான்காம் படி: பணம்

பணத்தைக் கடைசியாகத்தான் கேட்க வேண்டும், ஆனால் பொருளைக் காட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும். பட்ஜெட்டுக்கு மேலே ஒன்றைக் காட்டி அவருக்கு அது பிடித்துப்போய்விட்டால், பிறகு காட்டுவது எல்லாம் மட்டமாகத்தான் தெரியும்.

“பட்ஜெட் பிரச்சினை இல்லை” என்ற பதிலை அப்படியே நம்பிவிடாதீர்கள். சொல்பவர் அதைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை. அப்போது ஒரே வகையில் குறைந்த விலை, நடுத்தரம், கூடிய விலை என்று மூன்றின் விலையை வாயால் சொல்லுங்கள். எதைக் கேட்டதும் அடுத்த கேள்வி கேட்கிறாரோ அதுதான் அவருடைய அளவு. இதற்கும் பிடி கொடுக்காவிட்டால், “போன தடவை அவங்க உங்களுக்கு என்ன கொடுத்தாங்க?” என்று கேட்கலாம். அதை ஒட்டித்தான் பெரும்பாலானவர்கள் கொடுப்பார்கள். பல பேர் சேர்ந்து கொடுப்பதானால், சேர்க்கப்போகும் தொகையை விட்டுவிட்டு இதுவரை கைக்கு வந்த தொகையைக் கேளுங்கள்.

சொன்ன தொகை முழுவதையும் பொருளுக்கே போட்டுவிடக் கூடாது. காகிதம் சுற்றுவது, அனுப்பும் செலவு, பேட்டரி, பல்பு, உறை என்று சில்லறையாகச் சேரும். பத்தில் எட்டுப் பங்குக்குள் பொருளைத் தேடினால் கடைசியில் இழுபறி வராது. தொகை குறைவாக இருக்கிறதே என்று வாங்குபவர் கூச்சப்பட்டால் அவரை மேலே தள்ளாதீர்கள். ஃப்ளினும் கேப்ரியல் ஆடம்ஸும் 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, விலை கூடினால் பாராட்டும் கூடும் என்று கொடுப்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். பெறுபவர்களின் பாராட்டு விலையோடு சேர்ந்து ஏறவில்லை.

ஒரு கேள்வியை முழுதாகப் பிரித்துப் பார்ப்போம்

போனில் ஒருவர்: “கிஃப்ட் ஒண்ணு வேணும் சார், நல்லதா சொல்லுங்க. அவசரம்.”

“சொல்றேங்க. யாருக்கு, என்ன விசேஷம்?”

“ஆபீஸ்ல ஒருத்தர் ரிட்டையர் ஆகறார். நாங்க எட்டு பேர் சேர்ந்து கொடுக்கறோம்.”

இந்த ஒரு பதிலில் மூன்று கிடைத்துவிட்டன. வயதைக் கேட்க வேண்டாம். அலுவலகப் பழக்கம் என்பதால் உடை, சென்ட் போன்று உடம்பில் படுபவை போய்விட்டன. எட்டுப் பேர் முன்னிலையில் ஒரே பொருளாகக் கொடுக்கப்போகிறார்கள் என்றும் தெரிந்துவிட்டது.

“அவர் வீட்டுக்கு யாராவது போயிருக்கீங்களா?” “இல்லைங்க.” வீட்டு அலங்காரம் கழிந்தது.

“ஓய்வு நேரத்துல என்ன செய்வார்?” “நிறைய படிப்பார் சார். புத்தகமே வாங்கிடலாமா?”

நில்லுங்கள், அவசரப்பட்டு ஆமாம் சொல்லிவிடாதீர்கள். நிறைய படிப்பவர் விரும்பியதை ஏற்கெனவே வாங்கியிருப்பார். எட்டுப் பேருக்கும் அவர் அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் அடுத்த கேள்வி: “படிக்கறது சம்பந்தமா ஏதாவது குறை சொல்லுவாரா?”

“ராத்திரி படிக்க முடியலை, கண்ணு இழுக்குதுன்னு சொல்லுவார்.”

இப்போது பொருள் தானாக வந்து நிற்கிறது: படிக்கும் விளக்கு. ஆனால் எந்த விளக்கு? கட்டில் தலைமாட்டில் கவ்வி வைக்கும் வகை வேண்டுமானால் அந்தப் பலகையின் தடிமன் தெரிய வேண்டும். அது யாருக்கும் தெரியாது, ஆகவே அந்த வகை வேண்டாம். மேசையில் தானாக நிற்கும் கனமான அடிப்பாகம் உள்ளதை எடுங்கள். கழுத்து மடங்கி, வெளிச்சம் பக்கத்தின் மேல் விழ வேண்டும். வயது ஏற ஏறப் படிக்க வேண்டிய வெளிச்சம் கூடுகிறது. கூடவே கண் கூச்சமும் அதிகமாகிறது. அதனால் கூட்டவும் குறைக்கவும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். இரவில் படிப்பவர் என்பதால் மஞ்சள் சாயலுள்ள 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான வெளிச்சம் பொருந்தும். பல்பு மாற்றக்கூடியதா என்று பார்த்து, மாற்றலாம் என்றால் ஒரு மாற்று பல்பையும் பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

கண் இழுப்பதற்குக் கண்ணாடி மாற்ற வேண்டியதும் காரணமாக இருக்கலாம். விளக்கு அதைச் சரிசெய்யாது என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுவது நியாயம்.

பிறகு பணம். “எட்டுப் பேர்ல எத்தனை பேர் கொடுத்துட்டாங்க?” “ஆறு பேர்.” ஆறு பேர் பணத்தில் பத்தில் எட்டுப் பங்குக்குள் ஒரு விளக்கு. மீதி இருவர் கொடுத்தால் மாற்று பல்பும் நல்ல உறையும். மொத்தம் ஐந்து கேள்விதான்.

பதிலே வராவிட்டால்

செய்தி அனுப்பிவிட்டு, நீங்கள் திருப்பிக் கேட்டதற்குப் பதில் தராமல் போகிறவர்கள் உண்டு. வெறும் கேள்வியாக அனுப்பினால் அப்படித்தான் ஆகும். கேள்வியோடு கொஞ்சம் சரக்கையும் சேர்த்து அனுப்புங்கள். உதாரணமாக:

“வணக்கம். யாருக்குன்னு தெரிஞ்சா சரியா சொல்லலாம். இப்போதைக்கு: குழந்தைன்னா வயசை மட்டும் சொல்லுங்க, அதுக்கேத்த பொம்மை எடுத்து வைக்கிறேன். நெருங்கினவங்கன்னா, அவங்க சமீபத்துல எது சரியில்லைன்னு சொன்னாங்களோ அதுக்குப் பதிலா நல்லதா ஒண்ணு பார்க்கலாம். அதிகம் பழக்கமில்லாதவங்கன்னா கிஃப்ட் கார்டு, இல்லைன்னா நல்ல பேனாவும் நோட்டும். இதுல எந்த வகை? எந்தத் தேதிக்குள்ள வேணும்?”

மூன்று கிளை போதும். ஐந்தாறு ஆனால் யாரும் கடைசி வரை படிப்பதில்லை. பதில் சொல்பவர் “ரெண்டாவது” என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ள முடிய வேண்டும்.

வாங்குபவருக்கே விவரம் தெரியாத நேரமும் உண்டு. பார்த்தே இராதவருக்கு, பெயர் மட்டும் தெரிந்தவருக்குப் பரிசு. அப்போது அளவு தேவைப்படாதது, வாசனை சுவை நிறம் என்று ஆளுக்கு ஆள் மாறாதது, இடம் அடைக்காதது, பராமரிக்க வேண்டாதது, மாற்றிக்கொள்ளக் கூடியது என்ற ஐந்து வடிகட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். சென்ட் இரண்டாவதில் விழும். தொட்டிச்செடி நான்காவதில் விழும். தவிர வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் சில செடிகள் அவற்றுக்கு நஞ்சு. பெயர் பொறித்த பொருள் ஐந்தாவதில் விழும். ஐந்தையும் தாண்டி வருவது குறைவுதான்: கிஃப்ட் கார்டு, எழுதுபொருள், குடை, பயணத்தில் உதவும் சிறு பை. இவற்றைக் காட்டும்போது, விவரம் இல்லாததால்தான் இவற்றைச் சொல்கிறோம், ஒரு விவரம் கிடைத்தாலும் இதைவிடப் பொருத்தமாகத் தேடலாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பலருக்கு அந்த இடத்தில்தான் “இருங்க, அவங்க தங்கச்சிகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்று தோன்றும்.

பில் போடும் முன்

கொடுக்கும் தேதியை மறுபடி கேளுங்கள். மாற்றிக்கொள்ளும் கெடு பல இடங்களில் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படும். விசேஷம் மூன்று வாரம் கழித்து என்றால் பரிசைப் பிரிக்கும் முன்பே கெடு முடிந்திருக்கும். முடிந்தால் கொடுக்கும் நாளிலிருந்து எண்ணும்படி பில்லில் எழுதி வாங்கித் தாருங்கள். விலை தெரியாத ரசீது ஒன்றைப் பெட்டிக்குள் போடுங்கள். கிஃப்ட் கார்டு என்றால் அது எந்தத் தேதியோடு காலாவதியாகிறது என்பதை உறையின் மேலேயே எழுதிவிடுங்கள். விலைச் சீட்டைப் பெட்டியின் அடியிலும் உள்பக்க மடிப்பிலும் தேடிப் பார்த்துக் கிழித்த பிறகு காகிதம் சுற்றுங்கள்.